தென்னங்குத்தகை: ஒரு வருடம் என்றால் எத்தனை வெட்டு?

ஊரில் கொஞ்சம் நிலமும் இருபது முப்பது மரங்களும் வைத்துக்கொண்டு வெளியூரில் வாழ்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி: குத்தகைக்கு விட்டுவிடலாமா, இல்லை நாமே ஆள் வைத்து வெட்டி விற்கலாமா? இதற்கு ஊரில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் சொல்கிறவரின் அனுபவத்தைப் பொறுத்தவை. குத்தகையில் ஏமாந்தவர் "விடவே விடாதே" என்பார். மரமேற ஆள் கிடைக்காமல் அலைந்தவர் "வந்த விலைக்கு விட்டுத் தொலை" என்பார். எண்களாகப் போட்டுப் பார்த்தால் என்ன வருகிறது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

மா, புளி, தென்னை மூன்றையுமே நம் ஊரில் குத்தகைக்கு விடுகிறார்கள். ஆனால் தென்னையின் கணக்கு மற்ற இரண்டிலிருந்தும் அடிப்படையில் வேறானது. புளியமரத்தை மாசி, பங்குனி வாக்கில் உலுக்கி எடுத்துவிட்டால் அந்த வருடம் முடிந்தது. அடுத்த பூ வரும்போது அடுத்த கணக்கு தொடங்கும். மாமரமும் அப்படித்தான். கடைசிப் பழம் இறங்கியபின் மரத்தில் எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. தென்னையில் அந்த மாதிரி ஒரு காலி நாள் வருவதே இல்லை. எந்த நாளில் அண்ணாந்து பார்த்தாலும் அடுத்த ஒரு வருடத்துக் காய் மேலே ஏதோ ஒரு பருவத்தில் இருக்கும். தென்னங்குத்தகையில் வரும் பெரும்பாலான நஷ்டமும் சண்டையும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

மரத்தின் மேலே இருக்கும் இருப்பு

நன்றாகக் காய்க்கும் நெட்டை ரகத் தென்னை வருடத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. ஆக, தோராயமாக மாதம் ஒரு பாளை வெடிக்கிறது. வெடித்த பாளை குரும்பையாகி, காயாகி, முற்றி, வெட்டும் பதத்துக்கு வர 11 முதல் 12 மாதம் ஆகும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், முழு மரத்தில் எப்போதும் சுமார் பன்னிரண்டு குலைகள், ஒன்றுக்கொன்று ஒரு மாத வயது வித்தியாசத்தில் அடுக்கடுக்காக இருக்கும். உச்சியில் இருப்பது இந்த மாதத்துப் பாளை, கீழே இருப்பது முற்றிய குலை.

முதல் இரண்டு மூன்று மாதம் குரும்பை நிறைய உதிரும். அது இயற்கை. அதைத் தாண்டி நின்ற காய் பெரும்பாலும் கடைசி வரை நிற்கும். ஆறாம் மாதம் வாக்கில் காய் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிடும், உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும், பருப்பு இருக்காது. ஏழாம் மாதம் வழுக்கை பிடிக்கும், அதுதான் இளநீர்ப் பதம். அதற்குப் பிறகு வெளியே அளவு அதிகம் மாறாது. உள்ளே பருப்பு தடிப்பதுதான் மீதி ஐந்து மாத வேலை. கீழேயிருந்து பார்ப்பவருக்கு ஏழு மாதக் காயும் பத்து மாதக் காயும் ஒன்று போலவே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. வெட்டு நாளில் மரத்தில் பன்னிரண்டு குலை, அதில் முற்றிய இரண்டு குலை இறங்கும், பத்து குலை மீதி. அடுத்த இரண்டு மாதத்தில் மேலே இரண்டு பாளை வெடிக்கும், கீழே இரண்டு குலை முற்றும். மறுபடி பன்னிரண்டு. ஒரு கிட்டங்கியில் சரக்கு வந்து போவது மாதிரியான ஓட்டம் இது. ஒரு பக்கம் புதுச் சரக்கு ஏறுகிறது, மறுபக்கம் பழைய சரக்கு இறங்குகிறது, இருப்பு கிட்டத்தட்ட மாறாமல் நிற்கிறது.

முப்பது மரத்துக் கணக்கு

பேராவூரணி பக்கம் என் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் தோப்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது தப்பி நின்ற மரங்கள் முப்பது. பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. குத்தகையா நேரடி விற்பனையா என்ற கேள்வி வந்தபோது இந்தத் தோப்பை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். கீழே வரும் விலையும் கூலியும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில் தெரிய வேண்டியது, வருடத்துக்கு எத்தனை காய். இதற்குப் பழைய நோட்டு எதுவும் வேண்டாம், மரமே சொல்லும். வெட்டுக்கு முந்தைய நாள் வரிசையில் ஐந்து மரத்துக்கு ஒரு மரம் என்று ஆறு மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மரமாகப் பொறுக்கக் கூடாது, அப்படிச் செய்தால் கணக்கு ஏறிவிடும். ஒவ்வொன்றிலும் குரும்பைப் பருவம் தாண்டிய குலைகளை மட்டும் எண்ணுங்கள். கைமுஷ்டியை விடப் பெரிய காய் உள்ள குலை என்று வைத்துக்கொண்டால் சுலபம். சுமார் ஒன்பது குலை வரும். அவற்றில் உள்ள காய்களைக் கூட்டுங்கள். போனில் பெரிதாக்கிப் படம் எடுத்து வீட்டில் உட்கார்ந்து எண்ணுவது எளிது, ஆனால் இரண்டு பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், ஒரு பக்கத்துக் குலை மறுபக்கம் தெரியாது.

அந்த ஆறு மரங்களில் சராசரியாக ஒன்பது குலைக்கு 63 காய் வந்தது. குலைக்கு ஏழு, பன்னிரண்டு குலைக்கு 84. உதிர்வு, எலி, அணில், திருட்டு எல்லாம் போக மரத்துக்கு 80 என்று எடுத்துக்கொண்டேன். முப்பது மரத்துக்கு வருடம் 2,400 காய், மாதத்துக்கு 200, ஒரு வெட்டுக்கு 400. உண்மையில் எல்லா வெட்டும் சமமாக வராது. கோடை வெட்டில் காய் கூடும், மழைக்கால வெட்டில் குறையும். வருடக் கணக்குக்கு இந்தச் சராசரி போதும்.

தோப்பிலேயே மட்டையோடு காய்க்கு ரூ. 15 கிடைக்கிறது என்று வைப்போம். மொத்தம் ரூ. 36,000. வெட்டுக்கூலி, பொறுக்கிக் குவிக்கும் கூலி சேர்த்து மரத்துக்கு ரூ. 40 என்றால் ஒரு வெட்டுக்கு 1,200, வருடத்துக்கு ஆறு வெட்டு, ரூ. 7,200. கையில் நிற்பது ரூ. 28,800. குத்தகைக்கு வந்தவர் கேட்டது மரத்துக்கு ரூ. 800, அதாவது ரூ. 24,000. உரம், தண்ணீர் செலவு இரண்டு முறையிலும் நம்முடையதே, அதனால் ஒப்பிடும்போது அதை விட்டுவிடலாம்.

ஆக வித்தியாசம் ரூ. 4,800. ஆறு வெட்டுக்கும் யாராவது சென்னையிலிருந்து போய்வந்தால் அந்த 4,800 பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். ஊரிலேயே நம்பிக்கையான ஆள் இருந்தால் நேரடி விற்பனை லாபம், இல்லையென்றால் குத்தகை லாபம். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

குத்தகைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். அவர் 24,000 கொடுத்து 7,200 கூலியும் போட்டால் மொத்தம் 31,200. அதை 2,400 காயால் வகுத்தால் 13 ரூபாய் வருகிறது. அதாவது காய் விலை 13-க்குக் கீழே போனால் அவருக்கு நஷ்டம். விலை பத்து ரூபாய்க்கு இறங்கினால் அவர் கைக்காசு 7,200 போகும், நமக்கு 24,000 வந்துவிட்டிருக்கும். அவர் எடுத்துக்கொள்ளும் லாபம் இந்த ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி. 2023-ல் கொப்பரை விலை அரசு அறிவித்த ஆதரவு விலைக்கும் கீழே கிடந்தது, 2025-ல் தேங்காய் விலை எங்கேயோ போனது. முதல் வருடம் குத்தகை எடுத்தவர் அழுதார், பிந்தைய வருடம் குத்தகை விட்டவர் அழுதார். இரண்டிலும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதனால்தான் மூன்று வருடத்துக்கு ஒரே விலை என்று பேசுவதை நான் தவிர்க்கச் சொல்வேன். மூன்று வருடத்தில் தேங்காய் விலை எந்தப் பக்கம் போகும் என்பது இருவருக்கும் தெரியாது.

வேலிக்கம்பக் கணக்கு

இப்போது அந்த 4,800-ஐ விடப் பெரிய விஷயம்.

பத்து அடி நீள வேலிக்கு ஒரு அடிக்கு ஒரு கம்பம் நட்டால் எத்தனை கம்பம் வேண்டும்? பத்து என்று சொல்லத் தோன்றும், பதினொன்று என்பதே சரி. நிரல் எழுதுகிறவர்கள் தினமும் மாட்டிக்கொள்ளும் பிழை இது. தென்னங்குத்தகையில் இதே பிழை ரூபாயாக வருகிறது.

"ஜனவரி 15 முதல் அடுத்த ஜனவரி 15 வரை ஒரு வருடம்" என்று எழுதிக்கொள்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு என்றால் ஆறு வெட்டு என்றுதான் மனதில் இருக்கும். ஆனால் ஜனவரி 15 அன்று மரத்தில் முற்றிய குலை தயாராக இருந்தால் குத்தகைக்காரர் அன்றே முதல் வெட்டை வெட்டலாம். பிறகு மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர். முடிவு நாளான அடுத்த ஜனவரி 15 அன்று மறுபடி ஒன்று. எண்ணிப் பாருங்கள், ஏழு. அந்த ஏழாவது வெட்டு 400 காய், ரூ. 6,000. குத்தகைக்கும் நேரடி விற்பனைக்கும் உள்ள மொத்த வித்தியாசத்தையும் விட அதிகம். ஒப்பந்தப்படி அவர் செய்ததில் தப்பே இல்லை.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். நாம் ஒரு வெட்டை வெட்டி முடித்துவிட்டு மறுநாள் குத்தகைக்கு விட்டு, அடுத்த வருடம் வெட்டுக்கு முதல் நாள் குத்தகையை முடித்தால் அவருக்குக் கிடைப்பது ஐந்தே வெட்டு. அனுபவமுள்ள குத்தகைக்காரர் இதில் மாட்ட மாட்டார். எங்களிடம் பேச வந்தவரிடம் ஏன் நேரே தோப்புக்குப் போகவேண்டும் என்கிறீர்கள், பத்திரத்தைப் பாருங்களேன் என்றேன். "தம்பி, நான் மேல பாக்காம வெல சொல்ல மாட்டேன். தண்டுலயும் பத்திரத்துலயும் என்ன இருக்கு? காசெல்லாம் மேலதான தொங்குது" என்றார். முழு விஷயமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவர் மரத்தின் இருப்பைப் பார்த்து விலை சொல்கிறார், நாம் காலண்டரைப் பார்த்து விலை சொல்கிறோம்.

கடைசி வெட்டில் நடப்பது

ஏழாவது வெட்டாவது முற்றிய காய். அதைவிடப் பெரியது, குத்தகை முடியும் தறுவாயில் இளசாக இறக்குவது.

வழக்கமான வெட்டு முடிந்தபின் மரத்தில் பத்து குலை நிற்க வேண்டும் என்று பார்த்தோம். வயதுப்படி ஒரு மாதம் முதல் பத்து மாதம் வரை. இதில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து மாதக் குலைகள் நான்கும் விற்கக்கூடியவை. இளசு இளநீராகப் போகும், கொஞ்சம் மூத்தது தேங்காயாகப் போகும், பருப்பு மெல்லிசாக இருக்கும், அவ்வளவுதான். நாளை முதல் இந்த மரம் தன்னுடையது இல்லை என்னும்போது அந்த நான்கு குலையையும் இறக்கிவிடும் சபலம் வரத்தான் செய்யும். முப்பது மரத்தில் நான்கு மாதக் காய் என்றால் 800 காய். அதே 15 ரூபாய் கணக்கில் ரூ. 12,000.

தோப்புக்காரருக்கு அது உடனே தெரியாது. மரம் நிற்கிறது, பாளை வெடிக்கிறது, உச்சியில் குரும்பை இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து வெட்டுக்கு ஆள் அழைத்தால் "காய் இன்னும் முத்தலையே" என்பார். நான்காம் மாதமும் அதே. மரத்தில் மீதி இருந்த மூத்த குலைக்கு ஆறு மாத வயது, அது பன்னிரண்டைத் தொட இன்னும் ஆறு மாதம் வேண்டும். ஆக முதல் வெட்டு ஆறு மாதம் கழித்துத்தான். நடுவில் இரண்டு வெட்டு காணாமல் போனது. இதற்குள் புதுக் குத்தகைக்கு யாராவது வந்தால் அவரும் மேலே பார்ப்பார், விலையைக் குறைத்துச் சொல்வார். "மரம் தேஞ்சு போச்சு, உரம் பத்தல" என்று ஊர் சொல்லும். மரம் தேயவில்லை, இருப்புதான் முன்கூட்டியே விற்கப்பட்டுவிட்டது.

இரண்டையும் சேர்த்து ஒரு வரியில் எழுதலாம்:

குத்தகைக்காரர் எடுத்த காய் = வருட விளைச்சல் + (தொடக்க இருப்பு − முடிவு இருப்பு)

தொடக்கத்தில் வெட்டுக்கு முந்தைய பன்னிரண்டு குலை. முடிவில் ஆறு குலை. வித்தியாசம் ஆறு மாதக் காய். பன்னிரண்டு மாதக் குத்தகையில் பதினெட்டு மாதக் காய் போயிருக்கிறது. நம் தோப்பில் அது 1,200 காய், ரூ. 18,000. வாங்கிய குத்தகைப் பணமே 24,000 என்றால், மொத்தக் குத்தகையில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

இன்னொரு பக்கம், நாமே இருந்து வெட்டி விற்றாலும் இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு வருடம் இளநீருக்கு மாறினால் அந்த வருடம் மட்டும் வருமானம் எகிறும், முற்றாத நான்கைந்து மாதக் காய் சேர்ந்து இறங்குவதால். அதை வருடா வருடம் வரும் வருமானம் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த வருடம் எண்ணிக்கை பழையபடி மாதத்துக்கு ஒரு குலைக்கு வந்துவிடும். திரும்பத் தேங்காய்க்கு மாறினால் நான்கைந்து மாதம் வெட்டே இருக்காது.

பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஏழு மாதக் காயும் பத்து மாதக் காயும் ஒன்று போலத் தெரியும் என்று சொன்னேன். எனவே வயதைக் கணிக்க முயல வேண்டாம், முழு அளவுக்கு வந்த குலைகளை மட்டும் எண்ணினால் போதும். ஒழுங்கான வெட்டு முடிந்த அன்று மரத்தில் ஆறு முதல் பத்து மாதம் வரையான ஐந்து குலைகள் முழு அளவில் தொங்க வேண்டும். மரத்துக்கு மரம் ஒன்று கூடும் குறையும், அதனால் ஆறு மரத்துச் சராசரி எடுங்கள். சராசரி நான்குக்கு மேல் என்றால் பிரச்சினை இல்லை. ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது என்றால் இளசு இறங்கிவிட்டது.

"வறட்சியில காய் பிடிக்கல சார்" என்ற பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். வறட்சியிலோ சிலந்திப்பேன் தாக்குதலிலோ காய் உதிர்ந்தாலும் குலையின் தண்டு மரத்திலேயே நிற்கும், நாலைந்து காயோடோ வெறுமனேவோ. வெட்டி எடுத்திருந்தால் மட்டை இடுக்கில் அரிவாள் பட்ட அடித்தண்டு மட்டும் இருக்கும். புதிதாக வெட்டிய தண்டு வெளிறித் தெரியும், பழசு காய்ந்து கறுத்திருக்கும். ஒரு வெட்டுக்கு இரண்டு புதுத் தண்டு இருப்பது இயல்பு. ஆறு புதுத் தண்டு இருந்தால் அதற்கு வறட்சி காரணம் இல்லை. மேலே ஏறுகிறவர் ஒரு படம் எடுத்துத் தந்தால் போதும்.

மேலே இருக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பச்சை மட்டை. ஒவ்வொரு குலையும் தனக்குக் கீழே உள்ள மட்டைமேல் சாய்ந்துதான் கனம் தாங்குகிறது. வெட்டுக்கு வசதியாக இருக்கும் என்றோ கீற்று முடைய ஆகும் என்றோ பச்சை மட்டையைச் சீவிவிட்டால் அதன்மேல் இருந்த குலை சரிந்து தொங்கும், காம்பு வலுவிழக்கும். மரத்துக்கு உணவு தயாரிக்கும் இலையும் போகிறது. காய்ந்து தானாகத் தொங்கும் மட்டையை மட்டுமே எடுக்க வேண்டும்.

மரம் ஏறுகிறவர் கண்தான் தோப்பின் கண். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால் விரிந்த ஓலையில் கத்தரித்தது போல வெட்டுகள் தெரியும், மட்டை அடியில் மென்று துப்பிய நார் கிடக்கும். நாம் கூலி கொடுத்து ஏற்றும் ஆள் இதைச் சொல்வார். குத்தகைக்காரரின் ஆளுக்கு அடுத்த வருட மரத்தைப் பற்றிக் கவலை இல்லை. தென்னம்பாளை உருவாக ஆரம்பிப்பது அது வெடிப்பதற்கு இரண்டு வருடத்துக்கும் முன்பே. அதனால் இன்று மரத்துக்கு வரும் கேடு காயில் தெரிய வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் குத்தகைக்காரர் மாறியிருப்பார்.

எழுதிக்கொள்ள வேண்டியது

இத்தனைக்கும் பிறகு பெரியம்மாவுக்குக் குத்தகையே சரி என்று முடிவானது. ஆறு முறை நின்று வெட்ட ஆள் இல்லை, விலை ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் நிலையும் இல்லை, முன்பணமாக வரும் தொகை அவருக்கு முக்கியம். ஆனால் பேசிய விதம் மாறியது. காலக்கெடுவாகப் பேசாமல் வெட்டு எண்ணிக்கையாகப் பேசினோம். எழுதிக்கொண்டது இவ்வளவுதான்:

ஒன்று, ஆறு வெட்டு. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே குறைந்தது 55 நாள். ஆறாவது வெட்டோடு குத்தகை முடிகிறது, தேதி எதுவானாலும். மழையால் ஒரு வெட்டு தள்ளிப்போனாலும் அவருக்கு நஷ்டம் இல்லை, நமக்கும் இல்லை.

இரண்டு, முற்றிய காய் மட்டும். இளநீர் வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லி, எந்தக் குலை என்று பேசிக்கொண்டு. பச்சை மட்டை வெட்டுவதில்லை.

மூன்று, கடைசி வெட்டு அன்று நம் ஆள் ஒருவர் இருப்பார். ஆறு மரத்தில் முழு அளவுக் குலை எண்ணப்படும். சராசரி நான்குக்குக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு குலைக்கும் முப்பது மரத்துக் காயை அன்றைய விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்காகக் குத்தகைப் பணத்தில் ரூ. 4,000 கடைசி வெட்டுக்குப் பிறகு வருகிற மாதிரி ஏற்பாடு வேண்டாம், அது நடக்காது. மாறாக 4,000-ஐ ஈட்டாக முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு எண்ணி முடித்ததும் திருப்பிக் கொடுப்பது. பணம் நம் கையில் இருந்தால்தான் எண்ணுவதற்கு அர்த்தம் உண்டு.

நான்கு, கொடுப்பது மரத்தில் உள்ள காயை எடுக்கும் உரிமை மட்டும், நிலத்தில் அனுபோகமோ சாகுபடி உரிமையோ இல்லை என்ற வரி. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம் மரத்தில் இருக்கும் பழத்தை அசையும் சொத்து என்று வரையறுக்கிறது. நிலக் குத்தகை வேறு சங்கதி, அதற்குத் தமிழ்நாட்டில் 1955-ஆம் வருடச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் இரண்டும் கலந்துவிடாமல் இருப்பது இருதரப்புக்கும் நல்லது.

குத்தகைக்காரர் மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "அப்ப தொடக்கத்துலயும் எண்ணுவோம் தம்பி, முன்னாடி இருந்தவன் வழிச்சுட்டுப் போயிருந்தா நான் ஏன் பொறுப்பு?" என்றார். மிகச் சரியான கேள்வி. இரண்டு முனையிலும் எண்ணினால்தான் கழித்தலுக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். முந்தைய வெட்டு முடிந்த மறுநாள் இரண்டு பேருமாக நின்று எண்ணினோம். சராசரி 4.5 வந்தது. அந்த எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்தின் கடைசியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மரத்துக்கு 800 கேட்டவர் 780-க்குத்தான் ஒத்துக்கொண்டார். முப்பது மரத்துக்கு ரூ. 600 குறைவு. ஏழாவது வெட்டும் கடைசி நேர இளசும் கிடையாது என்று தெரிந்தபின் ஒருவர் குறைத்துக் கேட்பது நியாயமே. முன்பு சொன்ன 800 ரூபாயில் அவையும் கொஞ்சம் சேர்ந்திருந்தன என்பது அதிலிருந்து தெரிகிறது.